வேலையை விட்ட நாள் எது?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2023 ஜனவரி 1 அன்று சேர்ந்த பொறியாளருக்கு, அதே ஆண்டு ஜூன் 1 தேதியிட்ட கிராண்ட் லெட்டரில் 4,800 ஈசாப், அதாவது பின்னால் நிறுவனப் பங்கை வாங்கும் உரிமை, கொடுத்தோம். முதல் ஆண்டு முடிந்ததும் 1,200, பிறகு ஒவ்வொரு மாதம் முடியும்போதும் 100. ஒரு பங்கை வாங்கும் விலை 50 ரூபாய். கைபிடித்து வேலை கற்றுக்கொடுத்தோம். 2025 அக்டோபர் 1 அன்று ராஜினாமா கொடுத்து, நவம்பர் 30 அன்று ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு, நேரே போட்டி நிறுவனத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ‘விலகியதிலிருந்து 90 நாளுக்குள் எக்சர்சைஸ் செய்ய வேண்டும்’, அதாவது பணம் கட்டிப் பங்கை வாங்கிவிட வேண்டும் என்கிறது எங்கள் ஸ்கீம். டிசம்பர் 30-ஓடு கெடு முடிந்தது என்றோம். ஜனவரி 12 தேதியிட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. யாரும் விளக்கவில்லை, 3,500 ஆப்ஷன் தர வேண்டும் என்கிறார். இப்படிப்பட்டவருக்கும் கொடுத்தே ஆக வேண்டுமா? இனி வருகிறவர்களுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பதில்: ‘விலகியதிலிருந்து’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் உங்கள் வழக்கு முழுவதும் இருக்கிறது. ராஜினாமா கடிதம் கொடுத்த நாளா, கடைசி வேலை நாளா? ஸ்கீமில் அதற்கு விளக்கம் இல்லையென்றால் நீங்கள் பலவீனமான பக்கத்தில் நிற்கிறீர்கள்.

அவர் எங்கே சேர்ந்தார் என்பது இதில் வராது. வெஸ்ட் ஆன, அதாவது ஏற்கெனவே அவருக்கு உரிமையாகிவிட்ட ஆப்ஷனைப் போட்டி நிறுவனத்தில் சேர்ந்தால் இழக்க வேண்டும் என்று ஸ்கீமில் எழுதியிருந்தால் மட்டுமே அதைப் பேசலாம். ராஜினாமாவை ஏற்று ரிலீவிங் லெட்டரும் கொடுத்த பிறகு, அவரை ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

அவருடைய 3,500 கணக்கும் நிற்காது. அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 35 மாதம் எண்ணுகிறார். வெஸ்டிங் கிராண்ட் தேதியிலிருந்துதான் ஓடும். கிராண்டுக்கும் முதல் வெஸ்டிங்குக்கும் இடையே குறைந்தது ஓர் ஆண்டு இருக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு பங்கு மூலதன விதிகளில் 12-ஆம் விதி சொல்கிறது. ஜூன் 1-இலிருந்து நவம்பர் 30 வரை 30 மாதம், ஆகவே 3,000. ஆனால் ஆஃபர் லெட்டரில் ‘சேரும் நாள் முதல்’ என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் இந்தச் சண்டையும் உயிர்பெறும்.

இப்போது கெடு. அக்டோபர் 1-இலிருந்து எண்ணினால் 90-ஆவது நாள் டிசம்பர் 30. நவம்பர் 30-இலிருந்து எண்ணினால் 2026 பிப்ரவரி 28. நோட்டீஸ் காலத்தில் அவருக்குச் சம்பளம் கொடுத்தீர்கள், அவர் வேலை செய்தார். அந்த இரண்டு மாதம் அவர் ஊழியர் இல்லையென்று எந்த நீதிமன்றத்திலும் வாதாடிப் பயனில்லை. தெளிவில்லாத வாசகத்தை, அதை எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்வது வழக்கம். எழுதியது நீங்கள். ‘யாரும் விளக்கவில்லை’ என்ற அவருடைய புகார், கிராண்ட் லெட்டரில் அவர் கையெழுத்து இருக்கும்வரை தனியாக நிற்காது. வாசகமே குழப்பமாக இருக்கும்போது அதற்கும் வலு வந்துவிடுகிறது.

நிறுவனங்கள் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த கட்டத்தில். ‘நோட்டீஸுக்குப் பதில் அனுப்புவோம், பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று பிப்ரவரி 28-ஐக் கடக்க விடுவார்கள். அதன்பின் இரு தரப்பும் விரும்பினாலும் வழி இருக்காது. காலாவதியான ஆப்ஷனை ஓர் இமெயிலில் உயிர்ப்பிக்க முடியாது. புதிதாகக் கிராண்ட் செய்யலாம் என்றால் ஈசாப் ஊழியருக்குத்தான், அவர் இப்போது ஊழியர் இல்லை. மிஞ்சுவது நஷ்டஈட்டு வழக்கு. அதில் அவர் உங்கள் கடைசி மதிப்பீட்டு விலையைக் காட்டிப் பணமாகக் கேட்பார். பங்கு கொடுத்தால் நிறுவனத்துக்குக் கையிலிருந்து பணம் போகாது. நஷ்டஈட்டுக்குப் போகும்.

ஆகவே சமரசம் செய்துகொள்ளுங்கள். ஸ்கீமுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் பெரும்பாலும் இயக்குநர் குழுவிடம் இருக்கும். விலகிய நாள் என்பது கடைசி வேலை நாளே என்று குழு பதிவு செய்யட்டும். 3,000 ஆப்ஷனை ஏற்று, பிப்ரவரி 28-க்குள் எக்சர்சைஸ் செய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். மீதி 500-ஐக் கைவிடுவதாக அவரிடம் எழுதி வாங்குங்கள். கெடுவையே நீட்டிப்பது வேறு கதை. 12-ஆம் விதிப்படி சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதுவும் ஆப்ஷன் உயிரோடு இருக்கும்போதே நிறைவேற வேண்டும்.

அதே கடிதத்தில் பணக் கணக்கையும் எழுதுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த நோட்டீஸ் வரும். மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பீடு ஒரு பங்குக்கு 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எக்சர்சைஸ் விலை 3,000 × 50 = 1,50,000 ரூபாய். பங்குக்கு 850 ரூபாய் வீதம் 25,50,000 ரூபாய் சம்பள வருமானமாகக் கருதப்படும். 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 7,95,600 ரூபாய். ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் தனி. விற்க முடியாத பங்குக்காக அவர் சுமார் ஒன்பதரை லட்சம் ரொக்கம் புரட்ட வேண்டும். அவருக்கு இனிச் சம்பளம் இல்லாததால் டிடிஎஸ் பிடிக்கவும் வழியில்லை. வரித் தொகையை முன்னதாக வாங்கிக்கொண்டு பங்கை ஒதுக்குங்கள். வாங்காமல் ஒதுக்கினால் கட்டத் தவறியவர் நீங்கள் ஆவீர்கள். தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு இருக்கும் வரித் தள்ளிவைப்பும் இவருக்கு உதவாது. வேலையை விட்டாலே அந்தச் சலுகை முடிந்துவிடும்.

இனி வருகிறவர்களுக்கு எப்படிச் சொல்வது? ‘வெஸ்டிங் என்றால் என்ன’ என்று ஸ்லைடு போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய தேதியும் ரூபாயும் போட்டு ஒரே பக்கம் கொடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

“இன்று உங்களுக்குப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. பின்னால் 50 ரூபாய் விலைக்குப் பங்கு வாங்கும் உரிமைதான் கிடைத்திருக்கிறது. 2024 மே 31 வரை வேலையில் இருந்தால் 1,200 பங்குக்கான உரிமை உங்களுடையது. அதற்கு ஒரு நாள் முன் வேலையை விட்டாலும் ஒன்றும் இல்லை. பிறகு முழு மாதத்துக்கு 100. வேலையை விட்டால், கடைசி வேலை நாளிலிருந்து 90 நாளுக்குள் பணமும் வரியும் கட்டி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் உரிமை போய்விடும், யாரும் நினைவூட்டாவிட்டாலும் போய்விடும். பங்கு மதிப்பு ஏற ஏற நீங்கள் கட்ட வேண்டிய வரியும் ஏறும். பங்கை விற்க ஆள் கிடைப்பார் என்று நிறுவனம் உறுதி தரவில்லை.”

பணியில் இருக்கும்போது மரணமோ நிரந்தர இயலாமையோ நேர்ந்தால் கிராண்ட் செய்த அனைத்தும் அன்றே வெஸ்ட் ஆகும் என்பதையும் சேருங்கள். இது 12-ஆம் விதி தருவது. பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போகிறது.

இந்தத் தாளை ஸ்கீமோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள். நாளை அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். ‘முரண்பட்டால் ஸ்கீமே செல்லும்’ என்று அடியில் போட்ட வரி, தாளில் நீங்கள் சொன்ன தவறான தேதியிலிருந்து உங்களை முழுதாகக் காப்பாற்றாது. ஆஃபர் லெட்டரில் ஆண்டுச் சம்பளக் கணக்கோடு ஈசாப் மதிப்பைக் கூட்டிக் காட்டும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். விலகும்போது அந்த எண்ணைத்தான் பாக்கிச் சம்பளம் என்று கேட்பார்கள்.

தாளை கிராண்ட் அன்று கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ராஜினாமாவை ஏற்கும் கடிதத்தோடு இரண்டாவது முறை, அன்றைய எண்களைப் போட்டு, சொந்த இமெயிலுக்கு அனுப்புங்கள். அலுவலக இமெயிலுக்கு மட்டும் அனுப்பினால் கடைசி நாளோடு அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடும், அவர் பார்த்தார் என்று உங்களால் காட்ட முடியாது. அதில் கடைசித் தேதி, கட்ட வேண்டிய தொகை, வங்கிக் கணக்கு, படிவத்தை யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற நான்கும் இருக்கட்டும்.