பால் கணக்குச் சீட்டில் நாளை எண்ணாமல் வேளையை எண்ணுங்கள்

கேள்வி: பால்காரர் மாதக் கடைசியில் கொடுக்கும் சீட்டும் எங்கள் காலண்டர் கணக்கும் ஒத்துப்போவதே இல்லை. ஊருக்குப் போன நாட்களை எப்படிக் கழிப்பது?

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டில் கறவை மாடுகள் வைத்து வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறோம். மாதச் சீட்டு எழுதுவது என் பொறுப்பு. நான் பார்த்தவரை, பெரும்பாலான வழக்குகள் நாட்களைக் கழிப்பதால் வருகின்றன. பால் இரு வேளை வருவதால் கழிக்க வேண்டியது வேளையைத்தான்.

ஒரு வீட்டில் காலையில் 1 லிட்டர், மாலையில் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 9ஆம் தேதி காலைப் பாலை வாங்கிவிட்டுப் பழனிக்குக் கிளம்பியவர்கள், 12ஆம் தேதி மதியம் திரும்பி அன்று மாலைப் பாலை வாங்கிக்கொள்கிறார்கள். "நாலு நாளு நாங்க ஊருலயே இல்லீங்களே" என்று வீட்டுக்காரர் 6 லிட்டரைக் கழிப்பார். முழுதாகப் பால் ஊற்றாதது 10, 11 ஆகிய இரண்டு நாட்கள்தான் என்று பால்காரர் 3 லிட்டரைக் கழிப்பார். உண்மையில் விடுபட்டவை 9, 10, 11 தேதிகளின் மாலைகளும் 10, 11, 12 தேதிகளின் காலைகளும் ஆகும். மூன்று காலைக்கு 3 லிட்டர், மூன்று மாலைக்கு ஒன்றரை லிட்டர், ஆக நாலரை லிட்டர்.

அதே மாதம் 16ஆம் தேதி முதல் லிட்டர் 50 ரூபாயிலிருந்து 54 ரூபாயாக உயர்ந்தது என்றால், சீட்டையும் 15ஆம் தேதியோடு இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். முதல் 15 நாட்களுக்கு வர வேண்டிய 22.5 லிட்டரில் 4.5 போக 18 லிட்டர், 900 ரூபாய். மீதி 16 நாட்களுக்கு 24 லிட்டர். 20ஆம் தேதி விருந்தாளிகளுக்காகக் கூடுதலாக வாங்கிய 1 லிட்டரையும் சேர்த்தால் 25 லிட்டர், 1,350 ரூபாய். மொத்தம் 2,250 ரூபாய். 43 லிட்டருக்கும் புது விலையையே போட்டால் 2,322 ரூபாய் வரும். அந்த 72 ரூபாயை யாரும் வேண்டுமென்று ஏற்றுவதில்லை, அவசரத்தில் ஒரே பெருக்கலாகப் போட்டுவிடுவதால் வருவதுதான்.

இதெல்லாம் தினப்பதிவு சரியாக இருந்தால்தான் நடக்கும். அட்டையில் காலை, மாலை என்று இரண்டு கட்டங்கள் இருக்க வேண்டும். பால் வராத வேளையில் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 போட வேண்டும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் பால் ஊற்றவில்லையா, ஊற்றிவிட்டுக் குறிக்க மறந்தார்களா என்று மாதக் கடைசியில் இருவராலும் சொல்ல முடியாது. கறந்த பிறகு "இன்னைக்கு வேண்டாமுங்க" என்றால் அந்த வேளையை நாங்கள் கழிப்பதில்லை. முந்தைய வேளையிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய பாக்கி 150 ரூபாய் இருந்தால், அதை இந்த மாதத் தொகைக்குக் கீழே தனி வரியில் எழுதி 2,400 என்று கூட்டச் சொல்லுங்கள். பணம் கொடுத்ததும் தொகையையும் தேதியையும் அதே சீட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.