ஸ்டேபிள்காயினில் போன பணத்தை யாரால் திருப்ப முடியும்?

கேள்வி: வெளிநாட்டு க்ளையன்ட் இனிமேல் பேங்க் வயருக்குப் பதிலாக, டாலர் மதிப்போடு இணைத்த ஸ்டேபிள்காயினான யுஎஸ்டிடியில் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். வேகம், கட்டணம், தப்பாகப் போனால் திரும்ப வாங்குவது, இதிலெல்லாம் பேங்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கோயம்புத்தூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. போன வருடம் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரும் இதையேதான் கேட்டார். அப்போது என் சொந்தக் காசில் கொஞ்சம் யுஎஸ்டிடி வாங்கி, இரண்டு வாலட்டுக்கு இடையே அனுப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் பேங்க் பக்கம். பேங்குகளுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் வலையமைப்பான ஸ்விஃப்ட் பணத்தை அனுப்புவதில்லை, "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்ற தகவலைத்தான் அனுப்புகிறது. பணம் நகர்வது பேங்குகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகளில். அனுப்புகிறவரின் பேங்குக்கும் நம் பேங்குக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் ஒன்றிரண்டு பேங்குகள் வரும். டாலர் என்றால் அவை பெரும்பாலும் நியூயார்க்கில் இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் வேலை நேரம் உண்டு, பெயர்ச் சோதனை உண்டு, விடுமுறையும் உண்டு. எங்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய 1,500 டாலர் அடுத்த புதன்கிழமை காலையில் 1,478 டாலராக வந்தது. 22 டாலர் நடு பேங்க் பிடித்தது. அப்புறம் ரூபாயாக மாற்றும்போது, சந்தை விலையைவிட டாலருக்கு 1 ரூபாய் 20 காசு குறைத்துக் கொடுத்தார்கள். அதில் போனது ஏறக்குறைய 1,770 ரூபாய். கட்டணம் என்று ரசீதில் தெரிவது ஒரு பகுதிதான், மீதி மாற்று விலைக்குள் ஒளிந்திருக்கும்.

யுஎஸ்டிடியில் தகவல், பணம் என்று இரண்டு தனித்தனியாக இல்லை. யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் உங்கள் வாலட் முகவரிக்கு நேரே எண் ஏறிவிட்டால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். யுஎஸ்டிடி எத்தீரியம், ட்ரான் போன்ற நெட்வொர்க்குகளில் ஓடுகிறது, பதிவுகள் பிளாக் என்ற தொகுப்புகளாகப் பேரேட்டில் ஏறும். எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக், சுமார் 13 நிமிடத்தில் அது மாற்ற முடியாதபடி உறுதியாகிறது. ட்ரானில் 3 நொடிக்கு ஒரு பிளாக். ஞாயிறானாலும் தீபாவளியானாலும் இதேதான்.

கட்டணம் தொகையைப் பொறுத்தது இல்லை, அந்த நேரத்து நெரிசலைப் பொறுத்தது. நெட்வொர்க் செய்யும் வேலையை எத்தீரியத்தில் கேஸ் என்ற அலகில் அளக்கிறார்கள், ஒரு யுஎஸ்டிடி பரிமாற்றத்துக்கு ஏறக்குறைய 65,000 கேஸ் ஆகும். எத்தீரியத்தின் சொந்த நாணயம் ஈதர், அதில் நூறு கோடியில் ஒரு பங்கு க்வெய். ஒரு கேஸின் விலை 10 க்வெய், ஒரு ஈதர் 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 2 டாலர். அதே கேஸ் விலை 50 க்வெய்க்கு ஏறினால் 10 டாலரைத் தொடும். 100 டாலர் அனுப்பினாலும் லட்சம் டாலர் அனுப்பினாலும் இதுதான் கணக்கு. இந்தக் கட்டணத்தை யுஎஸ்டிடியிலிருந்து கழிக்க மாட்டார்கள், ஈதரிலோ ட்ரானின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸிலோ தனியாகக் கட்ட வேண்டும். நான் முதல் தடவை இங்கேதான் மாட்டிக்கொண்டேன். வாலட்டில் யுஎஸ்டிடி இருக்கிறது, டிஆர்எக்ஸ் இல்லை, அதனால் அனுப்பவே முடியவில்லை.

இப்போது திரும்ப வாங்கும் விஷயம். நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஒருமுறை சப்ளையர் ஒருவருக்கு நெஃப்ட் போடும்போது கணக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி அடித்துவிட்டோம். நெஃப்ட் எண்ணை வைத்தே வரவு வைக்கும், பெயர் பொருந்துகிறதா என்று பார்க்காது. பணம் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விட்டது. எங்கள் பேங்க் அந்தப் பேங்குக்கு எழுதியது. அவர்களாலும் அவர் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது. நல்லவேளையாக அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 23 நாள் ஆனது. பேங்கில் "ரிவர்ஸ்" என்று ஒரு பட்டன் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆனால் எழுதிக் கேட்க ஒரு இடம் இருக்கிறது. அந்தக் கணக்குக்காரர் யார் என்று அவர் பேங்குக்குத் தெரியும், அந்தப் பேங்குக்கு மேலே ரிசர்வ் வங்கி இருக்கிறது.

யுஎஸ்டிடியில் பணத்தை முடக்கவும் திருப்பவும் உள்ள அதிகாரம் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது, அதை வெளியிடும் டெதர் நிறுவனத்திடம். எத்தீரியத்தில் யுஎஸ்டிடியை இயக்கும் ஒப்பந்த நிரலில், பணம் அனுப்பும் செயலின் முதல் வரி இது:

```
require(!isBlackListed[msg.sender]);
```

அனுப்புகிற முகவரி கறுப்புப் பட்டியலில் இருந்தால் பரிமாற்றம் நடக்காது என்று பொருள். பட்டியலில் சேர்க்க addBlackList, அங்கே முடங்கிய பணத்தை அழிக்க destroyBlackFunds என்ற செயல்களும் அதே நிரலில் இருக்கின்றன. அழித்த அளவுக்குப் புதிதாக வெளியிட்டு உரியவருக்குக் கொடுக்கவும் டெதரால் முடியும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வரி அனுப்புகிறவரை மட்டுமே சோதிக்கிறது, பெறுகிறவரை அல்ல. முடக்கப்பட்ட முகவரிக்கு நீங்கள் பணம் அனுப்பினால் அது போய்ச் சேரும், வெளியே வராது.

2023 ஆகஸ்ட்டில் ஒருவர் 2 கோடி யுஎஸ்டிடியை மோசடிக்காரருக்கு அனுப்பிவிட்டார். அவர் அதற்குச் சற்று முன்தான் சரியான முகவரிக்கு ஒரு தொகை அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மோசடிக்காரர், முதல் சில எழுத்தும் கடைசி சில எழுத்தும் அதே போல இருக்கும் முகவரி ஒன்றை உருவாக்கி, அவருடைய கணக்கிலிருந்தே அதற்கு பூஜ்யம் யுஎஸ்டிடி போனதாக ஒரு பதிவை ஏற்றினார். பூஜ்யத் தொகைக்கு உரிமையாளரின் அனுமதி தேவைப்படாது என்பதுதான் ஓட்டை. அடுத்த முறை அனுப்பும்போது அவர் வரலாற்றிலிருந்து அந்தப் போலி முகவரியைக் காப்பி செய்துவிட்டார். டெதர் சிறிது நேரத்திலேயே அந்த முகவரியை முடக்கியது. தொகை பெரியது, செய்தி உடனே பரவியது, திருடன் பணத்தை இன்னும் நகர்த்தவில்லை. உங்கள் 1,500 டாலருக்கு இந்த மூன்றும் ஒன்றாக அமையும் என்று நம்பி இறங்காதீர்கள். காவல்துறையோ நீதிமன்றமோ கேட்டால் டெதர் முடக்கும். தனி ஆள் அனுப்பும் மின்னஞ்சலுக்காக முடக்க வேண்டிய கடமை அதற்கு இல்லை.

நீங்கள் இந்தியாவில் இருந்து வேலை செய்து கொடுப்பவர் என்றால் வேகத்தையும் கட்டணத்தையும் தாண்டி இன்னொரு செலவு உண்டு. சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி இல்லை என்று சொல்ல, மாற்றத்தக்க அந்நியச் செலாவணியிலோ ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் ரூபாயிலோ பணம் வந்திருக்க வேண்டும். அதற்கு ஆதாரமாக பேங்க் கொடுக்கும் வெளிநாட்டு வரவுச் சான்று யுஎஸ்டிடிக்குக் கிடைக்காது. எக்ஸ்சேஞ்சில் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் வேறு பிடிப்பார்கள். 1,27,500 ரூபாய்க்கு விற்றால் 1,275 ரூபாய். கணக்குத் தாக்கலில் அதைச் சரிக்கட்டலாம், ஆனால் அதுவரை கையில் இருக்காது. இந்தக் காரணத்தால்தான் எங்கள் நிறுவனம் அந்த வாடிக்கையாளரிடம் வயரிலேயே அனுப்புங்கள், நடு பேங்க் கட்டணத்தையும் நீங்களே ஏற்கும்படி "OUR" என்று குறியுங்கள் என்று கேட்டுக்கொண்டது. நீங்களும் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

வேறு நாட்டில் இருந்து, சட்டப்படி வாங்கலாம் என்றால், முதலில் 10 டாலர் சோதனையாக அனுப்பச் சொல்லுங்கள். எந்த நெட்வொர்க் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சோதனை சரியாக வந்ததும் முழுத் தொகையை அனுப்பும்போது, க்ளையன்ட் முகவரியை வாலட் வரலாற்றிலிருந்து எடுக்காமல் நீங்கள் முதலில் அனுப்பிய செய்தியிலிருந்தே எடுக்க வேண்டும். நடு எழுத்துகளையும் ஒப்பிட வேண்டும். அந்தச் சோதனைப் பரிமாற்றத்தைப் பார்த்துத்தான் போலி முகவரியை உருவாக்குவார்கள்.