ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதற்கு முன்

கேள்வி: 2023 ஜூனில் பனியன் யூனிட்டுக்காக நண்பரிடம் 6 லட்சம் கடன் வாங்கினேன். அவர் பணத்தை வங்கி மூலம் அனுப்பினார், நான் புரோநோட்டு எழுதிக் கொடுத்தேன். மாதம் 20,000 வீதம் 12 மாதம் திருப்பிக் கட்டினேன். ஆர்டர் நின்றதால் அதற்கு மேல் கட்ட முடியவில்லை. இப்போது, 'மகனுக்கு அரசு வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி 6 லட்சம் பறித்தார்' என்று போலீஸில் மனு கொடுத்திருக்கிறார். எஸ்.ஐ. போன் செய்து, 68 வயது அப்பாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். 'இரண்டு மாதத்தில் தந்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடு, முடித்துவிடலாம்' என்கிறார். தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில், எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தத் தாளில் 'மனுதாரரிடம் பெற்ற 6 லட்சத்தைத் தந்துவிடுகிறேன்' என்றுதான் எழுதச் சொல்வார்கள். நீங்கள் கட்டிய 2,40,000 அதில் இருக்காது, கடன் என்ற சொல்லும் இருக்காது. இரண்டு மாதத்தில் பணம் வராவிட்டால், 'ஒப்புக்கொண்டுவிட்டு ஏமாற்றுகிறார்' என்று அதே தாளை உங்கள்மேல் திருப்புவார்கள். பயத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். கடன் பாக்கியை வசூலித்துத் தருவது காவல் நிலையத்தின் வேலை இல்லை, அதற்கு சிவில் நீதிமன்றம் இருக்கிறது.

அடுத்து, விவகாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது இன்னும் மனு விசாரணைதான். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டிருப்பார்கள், எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்காது. எஸ்.ஐ.யிடம் மரியாதையாக, 'சார், சி.எஸ்.ஆர். நம்பர் சொல்லுங்கள். தேதி, நேரம் போட்டு எழுத்தில் சம்மன் கொடுங்கள், கட்டாயம் வருகிறேன்' என்று கேளுங்கள். விசாரணைக்கு அழைப்பவர்களை எழுத்துப்பூர்வமான சம்மன் மூலம்தான் அழைக்க வேண்டும், விசாரணை என்ற பெயரில் தொல்லை தரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல உத்தரவுகளில் சொல்லியிருக்கிறது. சம்மன் வந்ததும் ஒளியாமல் போங்கள். போகாமல் இருந்தால் 'தலைமறைவு' என்று எழுத நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். அப்பா வீட்டிலேயே இருக்கட்டும். 60 வயதைத் தாண்டியவரை சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 179ஆவது பிரிவு.

போகும்போது கையில் ஒரு பதில் மனு இருக்க வேண்டும். ஒன்றரைப் பக்கம் போதும். பணம் வந்த நாளின் வங்கிப் பதிவு, நீங்கள் கட்டிய 12 தவணைகளின் ஸ்டேட்மென்ட், கடன் பற்றிப் பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். உங்களுக்குச் சாதகமான முக்கியமான ஆதாரம் அவரிடமே இருக்கிறது. வேலைக்குக் கொடுத்த பணம் என்றால் புரோநோட்டு எதற்கு? அதை அவர் காட்டட்டும் என்று பதில் மனுவிலேயே கேளுங்கள். மோசடி என்று சொல்ல, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒரு வருடம் தவறாமல் கட்டியவரிடம் அந்த எண்ணம் இருந்தது என்று காட்டுவது கடினம். மனுவைக் கொடுத்துவிட்டு, உங்கள் நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அன்றே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வேலை வாங்கித் தருவதாக நீங்கள் ஏமாற்றினீர்கள் என்ற புகார் பொய்யாக இருக்கலாம், பாக்கி 3,60,000 பொய் இல்லை. கோபத்தில் 'ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை' என்று எழுதிவிட்டால், உங்கள் பேச்சில் மற்றதையும் நம்ப மாட்டார்கள். 'கடன் பாக்கி உண்டு, வேலைப் பேச்சு நடக்கவே இல்லை' என்பதே உங்கள் நிலை. அவரிடம் கையெழுத்திட்ட செக் ஏதாவது கொடுத்திருந்தால் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். செக் திரும்பி நோட்டீஸ் வந்தால், 15 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் அது தனி வழக்காகிவிடும்.

எஃப்.ஐ.ஆர். போட்டால்? உடனே கைது என்று அர்த்தமில்லை. மோசடிக்கு அதிகபட்சத் தண்டனை 7 ஆண்டு. இந்த அளவுள்ள குற்றங்களில், கைது அவசியமில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவின் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அதன்படி ஒழுங்காகப் போய்வருபவரைக் காரணத்தை எழுதிவைக்காமல் கைது செய்ய முடியாது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் நடைமுறையை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். கைது செய்யப்போவதாக மிரட்டல் வந்தால் அன்றே முன்ஜாமீன் மனுவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். அதற்கு எஃப்.ஐ.ஆர். வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரை நண்பருக்கு போன் செய்யாதீர்கள், அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். சமாதானம் பேசப் போனதையே 'மிரட்டினார்' என்று இன்னொரு மனுவாக்கிய கதைகள் உண்டு. பழைய செய்திகளை அழிக்காதீர்கள். இரவில் மனது சுற்றிச் சுற்றி வரும்போது, ஒரு நோட்டில் எந்தத் தேதியில் யார் போன் செய்தார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். விசாரணை மாதக்கணக்கில் இழுத்தால் அந்த நோட்டு வக்கீலுக்கு வேண்டியிருக்கும், உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட முடியும். மனைவியிடம் முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள், எஸ்.ஐ. மறுபடி போன் செய்யும்போது அவர் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

பொய்ப் புகார் கொடுத்ததற்கு நடவடிக்கை எடுக்கலாமா என்று நினைப்பீர்கள். வழி இருக்கிறது, ஆனால் இப்போது வேண்டாம். இந்த மனு முடித்துவைக்கப்பட்டதற்கான தாள் கையில் வந்த பிறகு, பாக்கிப் பணத்தை வக்கீல் மூலம் எழுத்தில் பேசித் தீர்த்துக்கொண்டு, அப்புறம் அதை யோசிக்கலாம்.