எறிபொருள் பாதையும் அம்புக்குறிகளும்: வாசகர் கேள்விகள்

எச்.எஸ்.சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்தவற்றில் ஒரே படத்தைச் சுற்றியவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே பந்துதான். அது கிடைத்திசையில் 15 மீ/வி, மேல்நோக்கி 19.62 மீ/வி வேகத்தில் தரையிலிருந்து கிளம்புகிறது; g = 9.81. ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு புள்ளி வைத்தால் தூரம் 0, 15, 30, 45, 60 மீட்டர். உயரம் 0, 14.7, 19.6, 14.7, 0 மீட்டர்.

பாதையைச் சரியாகத்தான் வரைந்தேன். ஆனால் இரண்டு கூறுகளையும் சேர்த்து வரும் அம்பு பாதையைத் தொட்டுக்கொண்டு போகாமல் வளைவுக்கு உள்ளே புகுந்துவிடுகிறது. ஏன்? (மாணவி, குவாத்ர் போர்ன்)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கூறுகளில் பிழை இல்லை, பிழை அச்சுகளில் இருக்கிறது. கிடை அச்சில் 1 செ.மீ.க்கு 5 மீட்டர் வைத்த நீங்கள், தாள் நிரம்ப வேண்டும் என்று செங்குத்து அச்சில் 1 செ.மீ.க்கு 2 மீட்டர் வைத்துவிட்டீர்கள். வளைவு மேல்நோக்கி இரண்டரை மடங்கு இழுபட்டுவிட்டது. பந்து உண்மையில் கிளம்பும் கோணம் சுமார் 53 பாகை. உங்கள் தாளில் வளைவு சுமார் 73 பாகையில் கிளம்புகிறது. அம்பு 53 பாகையிலேயே நிற்பதால் உள்ளே புகுந்ததுபோல் தெரிகிறது.

இரண்டு அச்சுக்கும் 1 செ.மீ. = 5 மீட்டர் வையுங்கள். படம் 12 செ.மீ. அகலம், 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரம் என்று தட்டையாகத்தான் வரும், வரட்டும். திசைவேகத்துக்குத் தனி அளவுத்திட்டம் வேண்டும்; 1 செ.மீ. = 10 மீ/வி என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். அப்போது கிடை அம்பு எல்லாப் புள்ளியிலும் 1.5 செ.மீ. செங்குத்து அம்பு ஏறத்தாழ 2, 1, 0, 1, 2 செ.மீ.; கடைசி இரண்டும் கீழ்நோக்கி. இரண்டையும் அதே புள்ளியிலிருந்து தொடங்கிச் செவ்வகத்தை முடித்தால், அதன் மூலைவிட்டம் வளைவைத் தொட்டுக்கொண்டு போகும்.

சரிபார்க்க ஒரு வழி: கிளம்பும் புள்ளியின் அம்பை ஸ்கேல் வைத்து நீட்டுங்கள். உச்சிக்கு நேர் மேலே, உச்சியைப்போல் சரியாக இருமடங்கு உயரத்தில், அதாவது 39.2 மீட்டரில் அது வெட்ட வேண்டும். நான் திருத்தும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

உச்சியில் பந்து ஒரு கணம் நிற்கிறது என்று மகன் எழுதினான். மதிப்பெண் போய்விட்டது. நேரே மேலே எறிந்த பந்து நிற்கிறதே? (தந்தை, ரோஸ் ஹில்)

நேரே எறிந்தால் நிற்கும். இந்தப் பந்துக்குக் கிடைத்திசையில் 15 மீ/வி அப்படியே இருக்கிறது. உச்சியில் செங்குத்துக் கூறு மட்டும் சுழி; அங்கே ஒரே ஒரு கிடை அம்பு வரைய வேண்டும். முடுக்கத்தையும் காட்டச் சொன்னால் அங்கேயும் 9.81 கீழ்நோக்கித்தான். அதைச் சுழியாக்கிவிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பாதி உயரத்தில் ஒரு புள்ளி கேட்டால் செங்குத்து அம்பைப் பாதியாக வரையலாமா? (மாணவர், வாக்குவா)

கூடாது. செங்குத்து வேகம் சம நேரத்துக்குச் சம அளவு குறையும், சம உயரத்துக்கு அல்ல. பாதி உயரம் 9.81 மீட்டர். அங்கே v² = 19.62² − 2 × 9.81 × 9.81, அதாவது v சுமார் 13.9 மீ/வி. அம்பு 1 செ.மீ. அல்ல, 1.4 செ.மீ. பாதி வேகத்துக்கு வரும்போது பந்து ஏற்கெனவே 14.7 மீட்டரில், முக்கால் உயரத்தில் இருக்கும்.

எண் எதுவும் தராமல் வெறும் வரைபடம் கேட்டாலும் இது உதவும். கிடை அம்புகள் எல்லாம் ஒரே நீளம். செங்குத்து அம்பு கீழ்ப்பாதியில் மெதுவாகக் குறைந்து உச்சிக்கு அருகில் வேகமாகச் சுருங்கட்டும். ஒரே உயரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் நீளம் சமம், திசை மட்டும் எதிர்.

காற்றுத்தடை இருந்தால்? (அதே மாணவர்)

நம் தென்கிழக்குக் காற்றை விட்டுவிடுவோம், காற்று அசையாமல் இருப்பதாகவே கொள்ளுங்கள். தடை எப்போதும் பந்து போகும் திசைக்கு எதிரே இழுக்கும். அதனால் கிடை அம்பும் புள்ளிக்குப் புள்ளி குறைய வேண்டும். பலர் வளைவை மட்டும் மாற்றிவிட்டு அதை 1.5 செ.மீ.யிலேயே விட்டுவிடுகிறார்கள். உச்சி தாழ்ந்து, கிளம்பிய இடத்துக்கு அருகே நகரும். இறங்கும் பக்கம் ஏறும் பக்கத்தைவிடச் செங்குத்தாக இருக்கும். தரையைத் தொடும் இடத்து அம்பு, கிளம்பிய அம்பைவிடக் கட்டாயம் குட்டையாக இருக்க வேண்டும்.