பதில் வராத ஆர்டரும் பதினான்கு கொள்முதலும்

கேள்வி: பங்கு வாங்கி விற்க நானே ஒரு தானியங்கி வர்த்தக நிரல் எழுதி, தரகு நிறுவனத்தின் ஏபிஐ வழியாக ஓட்டி வந்தேன். ஒரு நாள் காலை இணைப்பு தடுமாறியது. 500 பங்குகள் வாங்க வேண்டிய நிரல் அதே ஆர்டரை மீண்டும் மீண்டும் அனுப்பி 7,000 பங்குகளை வாங்கிவிட்டது. ஆர்டர் ஏற்கப்பட்டதாக ஒரு பதிலும் எனக்கு வரவில்லை. ஓர் ஆர்டருக்கு 1,000 பங்குகள் என்ற உச்சவரம்பைத் தரகரின் பக்கத்தில் அமைத்திருந்தேன், அதுவும் தடுக்கவில்லை. மதியம்தான் கவனித்தேன். விலை திரும்பும் என்று காத்திருந்து மறுநாள் பெரும் நஷ்டத்துக்கு விற்றேன். அந்த வர்த்தகங்களை ரத்து செய்ய முடியுமா? தரகு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: ரத்து செய்ய முடியாது. இழப்பீட்டுக்கு ஒரு சிறிய வழி இருக்கிறது. ஆனால் அது நீங்கள் எதிர்பார்க்கும் தொகைக்குப் போகும் வழி அல்ல. இரண்டையும் விளக்குகிறேன். அதற்கு முன், நீங்கள் அனுப்பிய பதிவுக் கோப்பில் வழக்கின் முடிவைத் தீர்மானிக்கும் மூன்று வரிகளைப் பாருங்கள்.

```
10:14:02.118 POST /orders qty=500 id=a41f
10:14:07.121 ReadTimeout
10:14:07.630 POST /orders qty=500 id=c907
```

ஐந்து நொடி பதிலுக்காகக் காத்திருந்த உங்கள் நிரல், பதில் வராததால் ஆர்டர் போய்ச் சேரவில்லை என்று முடிவு கட்டி, அரை நொடி கழித்து மறுபடியும் அனுப்பியிருக்கிறது. சுமார் ஒன்றே கால் நிமிடத்தில் பதினான்கு முறை. பதினைந்தாவது ஆர்டருக்குத்தான் முதன்முதலாகப் பதில் வந்தது: கணக்கில் போதிய பணம் இல்லை. ஆக, நிரலை நிறுத்தியது நீங்களும் அல்ல, தரகரும் அல்ல. உங்கள் காலியான கணக்கு.

நேரம் கடந்துவிட்டது என்றால் ஆர்டர் தோற்றது என்று பொருள் அல்ல, அதன் கதி தெரியவில்லை என்றுதான் பொருள். போகும் பாதை நன்றாக இருந்து திரும்பும் பாதை மட்டும் அடைபட்டிருக்கலாம். உங்களுக்கு நடந்தது அதுதான். பதினான்கு ஆர்டர்களும் தரகரின் சர்வரை அடைந்தன, சந்தைக்குப் போயின, நிறைவேறின. பதில்கள் மட்டும் வந்து சேரவில்லை.

"எனக்கு ஒப்புகை வரவில்லை, ஆகவே ஒப்பந்தமே இல்லை" என்ற வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தரகர் உங்கள் முகவர். ஆர்டர் என்பது நீங்கள் அவருக்கு இடும் கட்டளை. அதை ஏற்று அவர் சந்தையில் உங்களுக்காக வாங்கிய கணத்தில் எதிரே விற்றவரோடு வர்த்தகம் முடிந்துவிட்டது. உங்களுக்கு வரும் ஒப்புகை நடந்ததைச் சொல்லும் தகவல் மட்டுமே. அது வந்தால்தான் வர்த்தகம் செல்லும் என்று தரகரின் நிபந்தனைகளில் எழுதியிருந்தால் ஒழிய இந்த வாதம் நிற்காது. நீங்கள் அனுப்பிய நிபந்தனைகளில் அப்படி ஒரு வரியும் இல்லை.

அடுத்தது தவறுதல் என்ற வாதம். ஒரு தரப்பு மட்டும் தவறு செய்திருந்தால், மறுதரப்புக்கு அது தெரிந்திருந்தால்தான் ஒப்பந்தத்தைக் கலைக்க முடியும் என்பதே பொதுச் சட்ட மரபில் வந்த நீதிமன்றங்களின் பொதுவான நிலை. சந்தையில் உங்களுக்கு விற்றவர் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக் கணினியில் என்ன கோளாறு என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய தீர்ப்பு சிங்கப்பூரில் இருக்கிறது. குவாய்ன் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளத்தில் 2017 ஏப்ரல் 19 அன்று, வெளிச்சந்தை விலைகளை எடுத்து வரும் தளத்தின் சொந்த நிரல் நின்றுபோனது. ஆர்டர் பட்டியல் காலியாக, கடனில் வர்த்தகம் செய்தவர்களின் முடிவடையாத வர்த்தகங்களைத் தளம் தானாகவே ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்தை வாங்கி முடிக்கத் தொடங்கியது. அப்போது பட்டியலில் இருந்தவை பி2சி2 என்ற நிறுவனத்தின் நிரல், சந்தை வறண்டால் பயன்படுத்த முன்கூட்டியே எழுதி வைத்திருந்த விலைகள்: ஓர் ஈதருக்குப் பத்து பிட்காயின். அன்றைய சந்தை விலை சுமார் 0.04 பிட்காயின். ஏறத்தாழ 250 மடங்கு விலையில் வர்த்தகங்கள் நடந்தன. மறுநாள் தளம் அவற்றைத் தன்னிச்சையாகத் திருப்பியது. பி2சி2 வழக்குத் தொடுத்தது. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில், திருப்பியது ஒப்பந்த மீறல் என்று உறுதி செய்தது. நிரல்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் யாருடைய மனநிலையைப் பார்ப்பது என்ற கேள்விக்கு, அந்த நிரலை எழுதியவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையே பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். நிறைவேறிய ஆர்டரைத் திரும்பப் பெற முடியாது என்று தளத்தின் நிபந்தனைகளிலேயே எழுதியிருந்ததும் தளத்துக்கு எதிராகவே போனது. ஒரு நீதிபதி மாறுபட்டார். அவருடைய கருத்தும் வலுவானதுதான். ஆனாலும் உங்களுக்கு அது உதவாது. 250 மடங்கு விலகிய விலைக்கே தவறுதல் வாதம் தோற்றது. உங்கள் பதினான்கு ஆர்டர்களும் அன்றைய நியாயமான சந்தை விலையில் நிறைவேறியவை.

பிழையான வர்த்தகங்களை ரத்து செய்யச் சந்தைகள் வைத்திருக்கும் விதிகளும் இதே காரணத்தால் கைகொடுக்கமாட்டா. அவை பொதுவாகப் பார்ப்பது விலை எவ்வளவு விலகியது என்பதை. எத்தனை முறை வாங்கினீர்கள் என்பதை அல்ல. தவிர, கேட்பதற்கான அவகாசமும் மிகக் குறைவு. அமெரிக்கச் சந்தைகளில் பொதுவாக வர்த்தகம் நடந்த அரை மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். நீங்கள் கவனித்ததே மதியம்.

இனி உச்சவரம்பு. நீங்கள் அமைத்தது ஓர் ஆர்டருக்கான வரம்பு. 500 என்பது 1,000-க்குள் அடங்கும். பதினான்கு முறையும் அடங்கும். தரகரின் அமைப்பு சொன்னபடிதான் வேலை செய்தது. மொத்தக் கையிருப்புக்கோ, ஒரு நிமிடத்தில் போகும் ஆர்டர் எண்ணிக்கைக்கோ வரம்பு வைக்கும் வசதி அந்தப் பக்கத்தில் இருந்து, நீங்கள் அதை அமைத்தும் தரகர் செயல்படுத்தாமல் விட்டிருந்தால், இழப்பீடு பற்றிய என் பதிலே வேறாக இருந்திருக்கும். பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கத் தரகு நிறுவனம் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்றாமல் விட்டது. அதில் உறங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, வாடிக்கையாளர்களின் 212 ஆர்டர்களுக்காக 45 நிமிடங்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்களைச் செய்துவிட்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அங்கேயும் தனித்தனி ஆர்டர்களுக்குச் சோதனைகள் இருந்தன; மொத்த நிலை எல்லை மீறியதும் ஆர்டர்களைத் தடுக்கும் கட்டுப்பாடு இல்லை. அமெரிக்கக் கட்டுப்பாட்டு ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தபோது சுட்டிய குறைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைக் கோரும் விதி தரகர்கள் மீதானது. அது தன்னால் உங்களுக்கு இழப்பீட்டு உரிமை தந்துவிடாது.

பதிவுக் கோப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஆர்டர்களின் அடையாள எண்கள் a41f, c907 என்று ஒவ்வொரு முறையும் மாறியிருக்கின்றன. எண்ணை உருவாக்கும் வரியை நீங்கள் மறுமுயற்சிச் சுழலுக்கு உள்ளே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தரகரின் பார்வையில் அவை ஒரே ஆர்டரின் பதினான்கு பிரதிகள் அல்ல, பதினான்கு தனி ஆர்டர்கள். ஒரே எண்ணில் அனுப்பி, இரட்டை எண்ணை மறுப்போம் என்று தங்கள் கையேட்டில் எழுதியிருந்தும் அவர்கள் ஏற்றிருந்தால், உங்கள் கையில் நல்ல வழக்கு இருந்திருக்கும்.

மறுநாள்வரை காத்திருந்தது உங்களுக்கு மேலும் பாதகம். தவறு தெரிந்த பிறகு விலை ஏறும் என்று வைத்திருந்தால், அந்தப் பங்குகளை உங்களுடையதாக ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும், சரியாகத்தான் சொல்லும். விலை ஏறியிருந்தால் லாபத்தைத் தரகருக்குக் கொடுத்திருப்பீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். கவனித்த பிறகு கூடிய நஷ்டம் எந்தக் கோரிக்கையிலும் சேராது. கோரக்கூடியது, அதிகப்படியாக வாங்கிய 6,500 பங்குகளில், வாங்கிய நேரத்துக்கும் நீங்கள் கவனித்த நேரத்துக்கும் இடைப்பட்ட விலை வித்தியாசம் மட்டுமே.

அந்தச் சிறிய தொகைக்கான வழி, ஒப்புகைகள் ஏன் வரவில்லை என்பதில் இருக்கிறது. உங்கள் இணையச் சேவை அறுந்திருந்தால் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் அந்த நேரத்தில் தரகரின் சர்வரே பதில்களைத் தாமதித்திருந்தால், நஷ்டத்தில் ஒரு பங்கு அவர்களைச் சாரும் என்று வாதிடலாம். பெரும்பங்கு உங்கள் நிரலின் மேல்தான் விழும். தொழில்நுட்பத் தடங்கலுக்குப் பொறுப்பில்லை என்ற விலக்கு விதியையும் அவர்கள் நீட்டுவார்கள். ஆகவே முதலில் கேட்க வேண்டியது பணத்தை அல்ல, பதிவுகளை. எழுத்தில் இப்படிக் கேளுங்கள்: "இணைப்பில் கண்ட பதினான்கு ஆர்டர்கள் ஒவ்வொன்றும் உங்கள் சர்வருக்கு வந்த நேரம், சந்தைக்கு அனுப்பிய நேரம், எனக்குப் பதில் அனுப்பிய நேரம் ஆகியவற்றையும், அந்த ஒரு மணி நேரத்துக்கான உங்கள் சேவைத் தடங்கல் பதிவையும் தருக, அவற்றை அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும்." மூன்றாவது நேரம் முதல் நேரத்தைவிட ஐந்து நொடிக்கு மேல் பிந்தியிருந்தால் பேச இடம் உண்டு. பதின்மூன்று ஆர்டர்களின் தரகுக் கட்டணத்தையும் நஷ்டத்தில் ஒரு பகுதியையும் கேட்டு உள் குறைதீர்ப்பில் தொடங்குங்கள். பல நிறுவனங்கள் கட்டணத்தையாவது விட்டுக்கொடுக்கும்.

உங்கள் பக்கத்திலும் எதையும் தொடாதீர்கள். அன்றைய நிரலின் பிரதியும் திருத்தாத பதிவுக் கோப்பும் அப்படியே இருக்கட்டும். திருத்தத்தைப் புதிய பிரதியில் செய்யுங்கள்.

அந்தத் திருத்தம் என்ன என்பதையும் சொல்கிறேன். அடுத்த முறை தகராறு வந்தால் நீதிமன்றம் கேட்கப்போவது நீங்கள் நியாயமான கவனம் எடுத்தீர்களா என்பதைத்தான்.

```
oid = new_id()
save(oid)
try:
    send(order, client_order_id=oid)
except Timeout:
    status = query(oid)
```

எண் ஒரே முறை உருவாகிறது. அனுப்புவதற்கு முன்பே வட்டில் பதிவாகிறது, நிரல் நடுவில் செத்தாலும் தெரியும்படி. பதில் வராவிட்டால் நிரல் மறுபடி அனுப்பாமல், இந்த ஆர்டர் என்ன ஆனது என்று கேட்கிறது. "இல்லை" என்ற பதிலையும் உடனே நம்பக்கூடாது. வழியில் இருக்கும் ஆர்டர் சற்றுப் பிந்தி வந்து சேரலாம். சில நொடி விட்டு மறுபடி கேட்டு, அப்போதும் இல்லையென்றால் அதே எண்ணில் மட்டுமே அனுப்ப வேண்டும். கேள்விக்கே பதில் வராவிட்டால் நிரல் நின்று உங்களை அழைக்க வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு: சில தளங்கள் முந்தைய ஆர்டர் நிறைவேறாமல் நிற்கும்வரை மட்டுமே அதே எண்ணை மறுக்கின்றன. சந்தை விலை ஆர்டர் நொடியில் நிறைவேறிவிடும். அதன்பின் அதே எண் மீண்டும் ஏற்கப்படும். உங்கள் தரகரிடம் ஒரே ஒரு பங்கை வைத்து இதைச் சோதித்துப் பாருங்கள்.

இரண்டாவதாக, மொத்த வரம்பு. வாங்கும் நிரலுக்கு வெளியே தனியாக ஓடும் இன்னொரு நிரல், தரகரிடமிருந்து உண்மையான கையிருப்பைச் சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்டு, எதிர்பார்த்த அளவைத் தாண்டினால் முதல் நிரலை நிறுத்தட்டும். கையிருப்பு தெரியவில்லை என்றாலும் நிறுத்தட்டும். இணைப்பு அறுந்தால் ஆர்டர்களை ரத்து செய்யும் வசதியைச் சில தரகர்கள் தருகிறார்கள். வைத்துக்கொள்ளலாம், ஆனால் நிறைவேறாமல் நிற்கும் ஆர்டர்களை மட்டுமே அது ரத்து செய்யும், வாங்கி முடித்த பங்குகளைத் தொடாது. உங்கள் சம்பவத்தில் அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது.

கடிதத்தை இந்த வாரமே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சர்வர் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தரகரின் நிபந்தனைகளில் புகார் கொடுப்பதற்கான காலக்கெடுவும் தனியாக எழுதப்பட்டிருக்கும். பதில் வந்ததும் அந்த மூன்றாவது நேரத்தை எனக்கு எழுதுங்கள்.