ட்ரோன் படத்தின் மூலையில் ப்ரொப்பெல்லர் கார்டு: எங்கே வெட்டுவது?

கேள்வி: பொள்ளாச்சியில் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவை என்னுடைய டிஜேஐ மினி 2 ட்ரோனில் எடுத்தேன். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்ததால், சுழலும் விசிறிகள் யார் மேலும் படாமல் தடுக்கும் ப்ரொப்பெல்லர் கார்டு மாட்டியே பறக்கவிட்டேன். வீடியோ சுத்தமாக இருக்கிறது. போட்டோக்களில் மட்டும் மேல் மூலைகளில் கார்டு தெரிகிறது. "வெட்டினால் தரம் போய்விடும், பெரிய ட்ரோன் வாங்குங்கள்" என்கிறார் ஆல்பம் போடுபவர். கார்டைக் கடையில் திருப்பிக் கொடுப்பதா, புது ட்ரோன் வாங்குவதா? மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: புது ட்ரோன் வேண்டாம். கார்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் படங்களைக் காப்பாற்றுவோம்.

நீங்கள் அனுப்பிய முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மேல் மூலையில் சாம்பல் நிற வில் ஒன்று விளிம்பிலிருந்து 310 பிக்சல் வரை கீழே இறங்குகிறது. வலது மூலையில் அதே வில் 260 பிக்சலோடு நின்றுவிடுகிறது. மினி 2 எடுக்கும் முழுப் படம் 4000 பிக்சல் அகலம், 3000 பிக்சல் உயரம். அதாவது 4:3 வடிவம். நீங்கள் ஆல்பத்துக்குக் கேட்டிருப்பது 12-க்கு 8 அங்குலத் தாள், அதன் வடிவம் 3:2. இந்த இரண்டு வடிவங்களும் ஒன்றல்ல என்பதில்தான் உங்கள் பிரச்சினைக்கு விடை இருக்கிறது. 4000 அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு 3:2 ஆக்கினால் உயரம் 2667 போதும். மீதி 333 வரிசைகள் அந்தத் தாளில் எப்படியும் ஏறாது. கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை போகத்தான் போகின்றன.

அவை எந்தப் பக்கத்திலிருந்து போகின்றன என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். பிரிண்ட் போடும் மென்பொருளிடம் விட்டுவிட்டால் அது வழக்கமாகப் படத்தை நடுவில் பிடித்து, மேலே பாதி, கீழே பாதி என்று வெட்டும். மேலே 166 வரிசை போகும். உங்கள் 310 பிக்சல் வில்லில் 144 பிக்சல் தாளில் அப்படியே நிற்கும். ஆல்பக்காரர் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். நீங்களே க்ராப் கருவியில் 3:2 என்று தேர்ந்தெடுத்து, கட்டத்தைப் படத்தின் அடி விளிம்போடு ஒட்டி வையுங்கள். 333-ம் மேலிருந்தே போய்விடும். கார்டு முழுக்க மறைந்து, மேலே 23 பிக்சல் மிச்சமும் இருக்கும். 12 அங்குலத்துக்கு 4000 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 333. நல்ல பிரிண்டுக்கு 300 இருந்தாலே போதும். அகலத்தில் நீங்கள் ஒரு பிக்சல்கூட இழக்கவில்லை, ஆகவே தரம் போய்விடும் என்ற பேச்சு இங்கே பொருந்தாது.

12-க்கு 36 விரிதாள் முழுக்க ஒரே படமாகப் போடுவதாக இருந்தாலும் இதே கணக்குதான். அதற்கு 4000 அகலத்துக்கு 1333 உயரம் போதும். பாதிக்கு மேல் எப்படியும் கழிந்துவிடும். ஆனால் அந்த அளவில் அங்குலத்துக்கு 111 பிக்சல்தான் வரும், கிட்டத்தில் பார்த்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அது இந்தக் கேமராவின் எல்லை. கார்டை வெட்டியதால் வந்ததல்ல.

உங்கள் இரண்டாவது படத்துக்கு இந்த வழி ஆகாது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னையின் கொண்டை மேல் விளிம்பிலிருந்து 200 பிக்சலிலேயே தொடங்குகிறது. மேலே 333 வெட்டினால் மரத்தின் தலை போய்விடும். அந்தப் படத்தில் பக்கவாட்டில் வெட்டுங்கள். கார்டு இடதுபுறம் 420 பிக்சல், வலதுபுறம் 400 பிக்சல் அகலத்துக்குத்தான் வந்திருக்கிறது. வீடும் தென்னையும் நடுவில் இருப்பதால், முழு உயரம் 3000-ஐ வைத்துக்கொண்டு நடுவே 2000 அகலம் எடுங்கள். 8-க்கு 12 நிமிர்ந்த படமாக, அங்குலத்துக்கு 250 பிக்சலோடு வரும். அந்த வீட்டின் படங்களிலேயே எனக்குப் பிடித்தது இப்படி வெட்டிப் பார்த்த பிறகு கிடைத்ததுதான். மூன்றாவது படத்தில் மூலை வெறும் நீல வானம். அதை அழிப்பான் கருவியால் துடைத்துவிடலாம். ஓலையோ மின்கம்பியோ குறுக்கே போனால் அந்தக் கருவியை நம்பாதீர்கள். ஓலை நடுவே அறுந்து நிற்கும்.

வெட்டுவதற்கு முன் படம் சாய்ந்திருந்தால் நேராக்கிக்கொள்ளுங்கள். நேராக்கும்போதே மூலைகள் கொஞ்சம் கழியும், பிறகு அளந்தால்தான் சரியான அளவு தெரியும். வெட்டிய பின் சேமித்த கோப்பின் அளவு 4000 x 2667 என்றுதான் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், சில செயலிகள் சத்தமில்லாமல் சிறிதாக்கிச் சேமிக்கும். ஆல்பக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் Document என்று தேர்ந்து அனுப்புங்கள். உண்மையில் தரம் போகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

இனி, இது ஏன் வந்தது? காற்றை எதிர்த்து நிற்கவோ முன்னே போகவோ ட்ரோன் மூக்கைக் கீழே சாய்க்கும். கேமராவைத் தாங்கும் கிம்பல் மட்டும் சாயாமல் அடிவானத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது முன்பக்கக் கார்டுகள் கேமராவின் பார்வைக்குள் மேலிருந்து இறங்கும். அதனால்தான் எப்போதும் மேல் மூலைகளில் தெரிகிறது. காற்று பக்கவாட்டில் அடித்தால் ட்ரோன் அந்தப் பக்கமும் சாயும், ஒரு மூலையில் கூடுதலாகத் தெரியும். உங்கள் 310, 260 வித்தியாசம் அப்படி வந்தது. கார்டு மாட்டினால் காற்று பிடிக்கும் பரப்பும் கூடுவதால் சாய்வும் கூடுகிறது. வீடியோ 16:9 வடிவத்தில் மேலும் கீழும் கழித்தே பதிவாவதால் அதில் தப்பித்துவிட்டீர்கள்.

அடுத்த முறை, படம் எடுக்கும் இடத்துக்குப் போனதும் ரிமோட்டின் குச்சியை விட்டுவிட்டு, ட்ரோன் ஆடாமல் நிற்க மூன்று நான்கு நொடி கொடுங்கள். கிம்பலைச் சற்றுக் கீழே இறக்கி, அதன் பிறகு பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான படங்களில் கார்டே வராது. படம் நன்றாக வர வேண்டும் என்று குழந்தைகள் இருக்கும் இடத்தில் கார்டைக் கழற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. ட்ரோனைச் சமமான மேசையில் வைத்து, மோட்டாரை ஓட்டாமல், கிம்பல் நேராகப் பார்க்கும் நிலையில் ஒரு படம் எடுங்கள். அதில் கார்டு தெரியவில்லை என்றால் பொருளில் குறையில்லை. சாயும்போது தெரிவது இயல்பு. நிற்கும்போதே தெரிந்தால், அது வேறு மாடலுக்கு வார்க்கப்பட்டதாகவோ சரியாகப் பூட்டாததாகவோ இருக்கும். கழற்றி மறுபடி பூட்டியும் தெரிகிறதா? அந்தப் படத்தையும் பில்லையும் காட்டி மாற்றித் தரக் கேளுங்கள். மினி 2-க்குப் பொருந்தும் என்று சொல்லி விற்றிருந்தால் அது கடைக்காரரின் பொறுப்பு. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மினி 2-இன் எடை 249 கிராம். 2021 ட்ரோன் விதிகளில் நானோ வகைக்கு எல்லை, மாட்டியிருப்பவை உட்பட 250 கிராம். கார்டு மாட்டினால் அது மைக்ரோ வகைக்குப் போய்விடுகிறது. சொந்த வீட்டு விசேஷத்துக்குப் பறக்கவிட அப்போதும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. பணம் வாங்கிக்கொண்டு எடுத்தால் தேவை.

கேள்வி: 12 மெகாபிக்சல் ஆக்‌ஷன் கேமராவுக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். படத்தின் நான்கு மூலையும் கருப்பாக வருகிறது. கேமரா பழுதா, ஃபில்டர் பழுதா? கொல்லிமலைப் பயணத்தில் எடுத்தவற்றை மீட்க முடியுமா?

பதில்: வெள்ளைச் சுவரை ஃபில்டரோடு ஒரு படம், ஃபில்டர் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். ஃபில்டர் இல்லாதபோது மூலை மெதுவாக மங்கினால் அது லென்ஸின் இயல்பு. மென்பொருளில் வெளிச்சம் கூட்டிச் சரி செய்யலாம். ஃபில்டரோடு எடுத்ததில் மட்டும் வளையல் விளிம்பு போல வெட்டுக்கோடாகக் கருப்பு வந்தால், ஃபில்டரின் சட்டம்தான் உள்ளே தெரிகிறது. அங்கே வெளிச்சமே பதியவில்லை. எவ்வளவு கூட்டினாலும் எதுவும் திரும்பி வராது, வெட்டத்தான் வேண்டும். நான்கு மூலையும் ஒரே அளவாக இல்லாமல் ஒன்று மட்டும் அதிகம் கருத்திருந்தால் ஃபில்டர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, கழற்றி மாட்டிப் பாருங்கள்.

இங்கே கருப்பு நான்கு பக்கமும் வட்டமாக வருவதால், முதல் கேள்வியில் சொன்னதுபோல் ஒரு பக்கம் தள்ளி வெட்டிப் பயனில்லை. நடுவை வைத்தே வெட்ட வேண்டும். 4000 x 3000 படத்தில் நடுவிலிருந்து மூலைக்கு 2500 பிக்சல். கருப்பு 2250-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 4:3 வடிவத்தில் வெட்டினால் 3600 x 2700 கிடைக்கும், 12 மெகாபிக்சலில் 9.7 மிஞ்சும். சதுரமாக வெட்டினால் இன்னும் சுலபம்: 3000 x 3000 சதுரத்தின் மூலை நடுவிலிருந்து 2121 பிக்சல்தான், கருப்பைத் தொடவே தொடாது. கொல்லிமலைப் படங்களை இன்ஸ்டாகிராமில் போடுவதானால் சதுரமே போதும்.

இனி எடுக்கும்போது Wide-க்குப் பதில் Linear பார்வையில் எடுத்துப் பாருங்கள். அது ஓரங்களைக் கழித்தே படம் தருவதால் பல ஃபில்டர்களின் விளிம்பு வெளியே போய்விடும். Linear-இலும் கருப்பு வந்தால் அந்த ஃபில்டர் உங்கள் லென்ஸுக்குச் சின்னது. உங்கள் மாடலின் பெயரைப் போட்டு விற்றிருந்தால், வெள்ளைச் சுவர்ப் படங்கள் இரண்டையும் இணைத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். ஒரு ஃபில்டரின் மேல் இன்னொன்றை மாட்டியிருந்தீர்கள் என்றால், ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் புகார் எழுதுங்கள்.