கேள்வி பதில்: வெல்லும் பங்கை முன்கூட்டியே அறிய முடியாதவருக்கு ஏன் இண்டெக்ஸ் ஃபண்ட்?

தஞ்சாவூர் ஆசிரியை: நல்ல நிறுவனங்களாகப் பார்த்து மூன்று பங்குகளை வாங்கினால் சந்தையின் சராசரியாவது கிடைக்காதா?

பெரும்பாலும் கிடைக்காது. ஒரு சந்தைக் குறியீட்டிலுள்ள எல்லாப் பங்குகளையும் அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்ட் அந்தச் சராசரியைத்தான் குறிவைக்கிறது. ஒரு பங்கு எவ்வளவு மோசமாகப் போனாலும் போட்ட பணத்துக்கு மேல் நட்டம் தராது. ஆனால் நன்றாகப் போனால் முப்பது மடங்கும் ஆகும், ஐம்பது மடங்கும் ஆகும். ஆகவே சந்தையின் சராசரி என்பது மிகச் சில பங்குகளால் மேலே தூக்கி நிறுத்தப்பட்ட எண்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பத்துப் பங்குகளில் தலா ஒரு லட்சம் ரூபாய் போட்டு, இருபது ஆண்டுகள் தொடாமல் விட்டுவிடுகிறோம். ஒன்று முப்பது மடங்காகிறது. இரண்டு ஐந்து மடங்காகின்றன. மூன்று இரண்டு மடங்காகின்றன. இரண்டு பாதியாகக் குறைகின்றன. மீதி இரண்டும் ஒன்றுமில்லாமல் போகின்றன. பத்து லட்சம் 47 லட்சமாகியிருக்கும், அதாவது சராசரி 4.7 மடங்கு. இப்போது நீங்கள் மூன்றை மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், அந்த முப்பது மடங்குப் பங்கு உங்கள் கையில் இல்லாமல் போக வாய்ப்பு பத்துக்கு ஏழு. அது இல்லாவிட்டால், மிச்சமுள்ளவற்றில் மிகச் சிறந்த மூன்றையே பிடித்திருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது நான்கு மடங்குதான். எனவே மூன்று பங்கு வாங்கும் பத்துப் பேரில் ஏழு பேர் சராசரிக்குக் கீழேதான் நிற்பார்கள். அவர்களுடைய சராசரி இரண்டு மடங்கைக்கூட எட்டாது. அதே இருபது ஆண்டுகளில் 6 சதவீத வட்டி தரும் வைப்புநிதி பணத்தை 3.2 மடங்காக்கியிருக்கும்.

உண்மையான சந்தையும் இந்தச் சாய்வைக் காட்டியிருக்கிறது. ஹென்றிக் பெசெம்பைண்டர் என்ற பேராசிரியர் 1926 முதல் 2016 வரையிலான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அரசின் குறுகிய காலப் பத்திரங்களுக்கு மேலாகச் சந்தை உருவாக்கிய செல்வம் அனைத்துக்கும் சுமார் 4 சதவீத நிறுவனங்களே காரணம். பாதிக்கு மேற்பட்ட பங்குகள் தம் வாழ்நாளில் அந்தப் பத்திரங்கள் தந்த வட்டியைக்கூட எட்டவில்லை. அந்த 4 சதவீதம் எது என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு இண்டெக்ஸ் ஃபண்ட் தேவையில்லை. தெரியாதவர் அனைத்தையும் வாங்கி வைத்தால், அதுவும் அதற்குள் இருக்கும்.

சேலம் வாசகர்: எந்த நிறுவனத்தின் இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கலாம்?

ஐம்பது பெரிய இந்திய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டி 50ஐப் பின்பற்றுபவற்றில், முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில், ஃபண்ட் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் செலவு விகிதம் குறைவாகவும் குறியீட்டுக்கும் ஃபண்டுக்கும் இடையிலான ஆண்டு வருவாய் வித்தியாசம் சிறிதாகவும் உள்ள எதுவும் போதும். ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள்.

மதுரை தணிக்கையாளர்: குறியீடு கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறது. யெஸ் வங்கி சரிந்தபோது இண்டெக்ஸ் முதலீட்டாளர் கடைசிவரை அதைச் சுமந்தாரே?

சுமந்தார் என்பது உண்மை. 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்க்கு அருகில் விற்ற அந்தப் பங்கு, 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது 20 ரூபாய்க்கும் கீழே போனது. அதற்குப் பிறகுதான் நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டு, அந்த இடத்துக்கு ஸ்ரீ சிமெண்ட் வந்தது. 2009 ஜனவரியில் கணக்கு மோசடி வெளிப்பட்ட சத்யம் நிறுவனத்தின் கதையும் இதேதான். குறியீடு ஆபத்தை முன்கூட்டி உணர்வதில்லை என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சேதத்தின் அளவைப் பாருங்கள். உச்சத்தில் இருந்தபோதும் நிஃப்டி ஃபண்டில் போட்ட பணத்தில் யெஸ் வங்கிக்குப் போனது, அதாவது அதன் எடை, ஓரிரு சதவீதம்தான். விலை குறையக் குறைய எடையும் தானாகக் குறைந்ததால், நீக்கப்படும்போது அதில் இழக்கப் பெரிதாக ஏதும் மிச்சமில்லை. ஐந்து பங்குகளில் ஒன்றாக அதை வைத்திருந்தவர் தம் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை அநேகமாக முழுதும் இழந்தார். "இறங்கியிருக்கிறது, சராசரி செய்வோம்" என்று மேலும் வாங்கியவர்களின் நிலை இன்னும் மோசம்.

மதுரை தணிக்கையாளர் (மீண்டும்): திறமையான ஃபண்ட் மேலாளர் முன்பே விற்றிருப்பாரே?

சிலர் விற்றார்கள். அவர்கள் விற்ற பங்கை வாங்கியவர்களில் வேறு மேலாளர்களும் இருந்தார்கள் என்பதுதான் சிக்கல். வில்லியம் ஷார்ப் 1991இல் சுட்டிக்காட்டியது போல, தேர்ந்தெடுத்து முதலீடு செய்யும் அனைவரின் கூட்டு வருவாய், செலவுக்கு முன் சந்தையின் வருவாய்தான். செலவைக் கழித்தால் அதற்குக் குறைவு. அவர்களில் ஒருவர் மற்றவரை வெல்லலாம், எல்லோரும் சேர்ந்து சந்தையை வெல்ல முடியாது. ஆண்டுக்கு 12 சதவீதம் தரும் சந்தையில் பத்து லட்சம் ரூபாயை 25 ஆண்டுகள் விட்டால், 0.2 சதவீதச் செலவில் ஏறக்குறைய 1 கோடியே 62 லட்சமும், 1.5 சதவீதச் செலவில் 1 கோடியே 21 லட்சமும் ஆகும். இந்த 41 லட்சத்தை ஈடுகட்டும் மேலாளர் யார் என்பதை முதல் ஆண்டிலேயே நீங்கள் கண்டறிய வேண்டும்.

ஒன்றை மட்டும் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். அதிகம் ஆராயப்படாத சிறு நிறுவனங்களில், திறமையான மேலாளர் பொதுமக்களின் இழப்பிலிருந்து ஆதாயம் பெற இடமுண்டு என்று வாதிடுபவர்களை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். பெரிய நிறுவனங்களுக்கு அந்த வாதம் செல்லாது.

கோவை தொழில்முனைவர்: நான் ஒரே பங்கில் எட்டு மடங்கு பார்த்தவன். எனக்கு எதற்கு இண்டெக்ஸ்?

வாழ்த்துகள். ஆனால் அந்த ஒரு பங்கை வைத்து முடிவு செய்யாமல், விற்றுத் தீர்த்த நட்டப் பங்குகள் உட்பட நீங்கள் செய்த எல்லா முதலீடுகளையும் தேதியோடு ஒரு விரிதாளில் எழுதுங்கள். A பத்தியில் தேதி, B பத்தியில் தொகை. போட்ட பணம் கழித்தல் குறியோடும், எடுத்த பணமும் ஈவுத்தொகையும் இன்றைய மதிப்பும் கூட்டல் குறியோடும் இருக்கட்டும். கீழே உள்ள சூத்திரம் உங்கள் ஆண்டு வருவாய் விகிதத்தைத் தரும்; 40க்குப் பதிலாக உங்கள் கடைசி வரிசையின் எண்ணை இடுங்கள்.

```
=XIRR(B2:B40, A2:A40)
```

பிறகு அதே தேதிகளில் அதே தொகைகளுக்கு ஒரு நிஃப்டி ஃபண்டின் யூனிட்களை வாங்கி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, அந்தந்த நாளின் யூனிட் விலையைக் கொண்டு இன்னொரு தாளில் கணக்கிடுங்கள். பலர் தம் பங்குகளை நிஃப்டியின் வெறும் புள்ளிகளோடு ஒப்பிடுகிறார்கள். அந்தப் புள்ளிகளில் ஈவுத்தொகை சேராது, ஆகவே ஒப்பீடு உங்களுக்குச் சாதகமாகச் சாயும். இரண்டாவது தாளையும் நீங்கள் வென்றிருந்தால், என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பெயர் சொல்லாதவர்: நிஃப்டி ஆப்ஷனில் வாராவாரம் எப்படி லாபம் எடுப்பது?

இது வேறு தொழில். இங்கே கேட்க வேண்டாம்.

ஈரோடு வாசகி: பாதுகாப்புத் துறை இண்டெக்ஸ் ஃபண்டும் இண்டெக்ஸ்தானே?

பெயரில் மட்டும். ஒரே துறையின் குறியீட்டை வாங்குவது, அடுத்து வெல்லும் துறை எது என்று ஊகிப்பதாகும். பங்கைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டவர் துறையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று நம்பக் காரணமில்லை. அந்தத் துறை ஏற்கெனவே ஏறிச் செய்தியான பிறகே இத்தகைய ஃபண்டுகள் பெரும்பாலும் அறிமுகமாகின்றன என்பதையும் கவனியுங்கள்.

நாகர்கோவில், ஓய்வுபெற்றவர்: ஜப்பானில் குறியீடு முப்பது ஆண்டுகள் எழவே இல்லையாமே?

ஆம். 1989 டிசம்பர் இறுதியில் 38,915 புள்ளிகளில் முடிந்த நிக்கெய், அந்த அளவை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில்தான். ஈவுத்தொகையைச் சேர்த்தால் காத்திருப்பு சற்றுக் குறையும், மாதந்தோறும் சிறிது சிறிதாகப் போட்டவரின் நிலை உச்சியில் மொத்தமாகப் போட்டவரைவிட மேல்; ஆனாலும் அது ஆறுதல்தான், பதில் அல்ல. குறியீடு தவறான பங்கைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்தைக் குறைக்கிறது. ஒரு நாட்டின் சந்தை முழுவதுமே அளவுக்கு மீறி விலையேறியிருந்தால் அதற்கு அதனிடம் தீர்வில்லை. நீங்கள் ஓய்வு பெற்றவர் என்பதால், வீட்டுச் செலவுக்கான பல ஆண்டுப் பணத்தை வைப்புநிதியில் ஒதுக்கிய பிறகு மிச்சத்தை மட்டும் இதில் யோசியுங்கள்.

வேலூர் வாசகர்: எந்த இண்டெக்ஸ் ஃபண்ட் நல்லது?

சேலம் வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் என்ற நிபந்தனையையும் சேர்த்தே படியுங்கள்.